விடியற்காலை 5 மணி வரை

போன வாரச் சுருக்கம், ஆசிரியர் கேட்டதற்காக: கைப்பேசிக்குள் இருக்கும் வங்கி அட்டை பிளாஸ்டிக் அட்டையின் நகல் அல்ல, அந்தக் கைப்பேசிக்கென்றே தரப்பட்ட வேறொரு எண். தொடர்ந்து படிப்பவர்களுக்கு மற்றது நினைவிருக்கும்.

கைப்பேசி தொலைந்தால் யுபிஐ-யை எப்படி நிறுத்துவது என்பதை இந்த வாரம் பார்ப்பதாகத்தான் திட்டம். ஆனால் தகவல் தேடப் போன இடத்தில் டோக்கியோவின் ரயில் அட்டை குறுக்கே வந்தது. ஜப்பானில் கைப்பேசியைத் தொலைத்தவர் தன் சுயிகா அட்டையை நிறுத்தச் சொல்லிப் பதிவு செய்தால், புதுக் கைப்பேசியில் அதைத் திரும்பப் பெற மறுநாள் காலை 5 மணி ஆக வேண்டும். நொடியில் பணம் பறக்கும் காலத்தில், நுணுக்கத்துக்குப் பேர்போன அந்த ஊரில், ஒரு ராத்திரி முழுக்க ஏன் காத்திருக்க வேண்டும்? இந்தக் கேள்வி இந்த வாரக் கட்டுரையை மொத்தமாக விழுங்கிவிட்டது.

முதலில் வங்கி அட்டையை ஓரங்கட்டிவிடலாம், அதில் சிக்கல் குறைவு. கடைக்காரரின் இயந்திரத்தில் கைப்பேசியைக் காட்டும்போது, அந்தத் தனி எண் விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்பு வழியாக வங்கிவரை போய் அனுமதி வாங்கிக்கொண்டு திரும்புகிறது. பணம் இருப்பது வங்கியில். ஐபோனைத் தொலைத்தவர் வேறொரு கருவியிலிருந்து ‘தொலைந்தது’ என்று குறித்தால், அந்த எண்ணை மறுமுனையில் முடக்கிவிடுவார்கள். தொலைந்த கைப்பேசி அணைந்து கிடந்தாலும், கிணற்றில் கிடந்தாலும் கவலையில்லை. வீட்டு அலமாரியில் இருக்கும் பிளாஸ்டிக் அட்டைக்கு வேறு எண் என்பதால் அது வழக்கம்போல் வேலை செய்யும். அவசரப்பட்டு வங்கியை அழைத்து அட்டையையே ரத்து செய்பவர்கள், தேவையில்லாமல் புது அட்டைக்குக் காத்திருக்கிறார்கள்.

புதுக் கைப்பேசிக்கு மாறும்போதும் இதே கதைதான். பழைய எண் இடம்பெயர்வதில்லை. வங்கி மறுபடி உறுதி கேட்கும், புதுக் கருவிக்குப் புது எண் பிறக்கும்.

சுயிகா அப்படியல்ல. கிழக்கு ஜப்பான் ரயில்வே நிறுவனம் 2001 நவம்பரில் இதைக் கொண்டுவந்தது. 2006 ஜனவரியில் கைப்பேசிக்குள்ளும் ஏற்றியது. சோனியின் ஃபெலிக்கா சில்லில் இயங்கும் இந்த அட்டையில் அதிகபட்சம் 20,000 யென் வரை போட்டு வைக்கலாம். அந்த இருப்பு சில்லுக்குள்ளேயே எழுதப்படுகிறது. காரணம், டோக்கியோவின் காலை நெரிசல். நடக்கும் கால் நிற்காமல் ஆள் கடந்து போக வேண்டுமென்றால் நுழைவாயில் சுமார் 0.2 நொடியில் கணக்கை முடித்தாக வேண்டும். மையக் கணினியைக் கேட்டுப் பதில் வாங்க நேரமில்லை என்று கருதித்தான் அதை வடிவமைத்தார்கள். வாயிலும் சில்லும் தங்களுக்குள்ளேயே பேசி, கட்டணத்தைக் கழித்து, புது இருப்பை எழுதிவிடுகின்றன. கணக்கு பிறகுதான் மையத்துக்குப் போய்ச் சேரும்.

(அந்த நுழைவாயிலில் அட்டையைத் தொடும் பகுதி சற்றே சாய்ந்திருக்கும். வடிவமைப்பாளர் ஷுன்ஜி யமனகா 1990-களில் ஆட்களை நடக்கவிட்டுச் சோதித்துக் கண்டுபிடித்த கோணம் அது. தட்டையாக இருந்தபோது அட்டையை எங்கே, எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் மக்கள் தடுமாறினார்கள். கட்டுரைக்கு இது தேவையில்லைதான். விட மனசில்லை.)

வாயில்கள் தாங்களே முடிவெடுப்பவை என்றால், தொலைந்த அட்டையை அவற்றுக்கு அடையாளம் காட்டுவது எப்படி? தடைசெய்யப்பட்ட அட்டைகளின் பட்டியலைக் கொண்டுபோய் ஒவ்வொரு வாயிலிலும் சேர்க்க வேண்டும். நாள் முழுக்க ஆங்காங்கே எழுதப்பட்ட கணக்குகளையும் மையத்துக்குத் திரட்ட வேண்டும். இரண்டும் நடந்த பிறகுதான் அந்த அட்டையின் உண்மையான இருப்பு எவ்வளவு என்று மையத்தால் சொல்ல முடியும். அந்த இருப்பைத்தான் புதுக் கைப்பேசியில் ஏற்றுவார்கள். 5 மணிக்கு இதுதான் பொருள்.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தியர்கள் நிறைய வசிக்கும் நிஷி-கசாயில் ஒருவர் இரவு 9 மணிக்குக் கைப்பேசியைத் தவறவிடுகிறார். சுயிகாவில் இருந்தது 8,400 யென். 9.40-க்குக் கைப்பேசியை எடுத்தவர் ஒரு கடையில் 620 யென்னுக்குப் பொருள் வாங்குகிறார். சுயிகாவுக்கு முகமோ விரல்ரேகையோ தேவையில்லை, காட்டினால் போதும். 10.15-க்கு உரியவர் உறுப்பினர் தளத்தில் மறுவழங்கலுக்குப் பதிவு செய்கிறார். 11 மணிக்கு இன்னொரு 1,100 யென் போகிறது. மறுநாள் காலை புதுக் கைப்பேசியில் வந்து நிற்பது 6,680 யென். தடை நடைமுறைக்கு வரும்வரை போன பணத்தை நிறுவனம் ஈடுகட்டாது. பதிவு செய்தபிறகு போன அந்த 1,100-ம் உரியவர் தலையில்தான்.

‘தொலைந்தது’ என்று குறித்தால் சுயிகாவும் நிற்காதா? கைப்பேசி இணையத்தில் இருந்தால் கட்டளை அதைச் சென்றடைந்து அட்டையை நிறுத்திவிடும். ஆனால் மின்கலம் தீர்ந்து கைப்பேசி அணைந்தபிறகு கட்டளை போய்ச் சேர வழியில்லை. அப்போதும் ரயில் அட்டை உயிரோடு இருக்கும். ஐபோன் எக்ஸ்.எஸ்., எக்ஸ்.ஆர். முதல் வந்தவற்றில், மின்சாரம் தீர்ந்த பிறகும் 5 மணி நேரம் வரை அட்டை வாயிலைத் திறக்கும். நள்ளிரவில் வீடு திரும்பும் பயணிக்காகச் செய்த வசதி, கைப்பேசியைக் கண்டெடுத்தவருக்கும் வசதியாகிவிடுகிறது.

இன்னொரு பள்ளமும் உண்டு. இருப்பு குறைந்தால் கடன் அட்டையிலிருந்து தானாகவே பணம் ஏறும்படி அமைத்திருப்பவர்கள் உண்டு. இருப்பு 1,000 யென்னுக்குக் கீழே போனதும் வாயிலைக் கடக்கையில் 3,000 ஏறும் என்று வையுங்கள். அவர்களுக்கு இழப்பு 8,400-ல் நிற்க வேண்டிய அவசியமில்லை. அதனால் அந்த அமைப்பு உள்ளவர்கள் இரவே பதிவை முடித்துவிடுவது நல்லது.

கைப்பேசி கையில் இருக்கும்போதே மாற்றுவது இதைவிடச் சுலபம்தான், ஆனால் வரிசை தப்பக்கூடாது. ஒரு சுயிகா ஒரே நேரத்தில் ஒரே கருவியில்தான் இருக்க முடியும். இரண்டு இடத்தில் இருந்தால் பணம் இரட்டிப்பாகிவிடுமே. முதலில் பழையதிலிருந்து அட்டையை மையச் சேவையகத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், பிறகு புதியதில் இறக்கிக்கொள்ள வேண்டும். ஐபோனில் வாலெட்டிலிருந்து அட்டையை நீக்குவதுதான் திருப்பி அனுப்புதல். ‘நீக்கு’ என்ற பொத்தானைப் பார்த்துப் பயந்து பலர் விட்டுவிடுகிறார்கள், பணம் அழியாது. பழைய கைப்பேசி நீரில் விழுந்து உயிர்விட்டிருந்தால் திருப்பி அனுப்ப வழியில்லை. தொலைத்தவரைப் போலவே இவரும் 5 மணி வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

ஆண்ட்ராய்டில் பலர் ஏமாறும் இடம் வேறு. கைப்பேசியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பினால் எல்லாம் அழிந்துவிடும் என்று நம்பி விற்றுவிடுகிறார்கள். ஃபெலிக்கா சில் தனி அறை. அந்த அழிப்பு அங்கே எட்டாது. செயலி போயிருக்கும், அட்டை சில்லுக்குள் உட்கார்ந்திருக்கும். செயலி இருக்கும்போதே அட்டையைச் சேவையகத்துக்கு அனுப்பி, சில்லைக் காலி செய்துவிட்டுத்தான் கைப்பேசியைக் கைமாற்ற வேண்டும்.

சென்னை மெட்ரோவின் சிங்காரச் சென்னை அட்டையிலும் இருப்பு சில்லுக்குள்தான். அது தொலைந்தால் என்ன ஆகும் என்பது யுபிஐ-யோடு சேர்ந்து அடுத்த வாரத்துக்குப் போகிறது. பக்கம் நிறைந்துவிட்டது.