அழைப்பிலேயே சொல்லிவிட்டால்

புதிய ஆன்லைன் குழுவின் முதல் கூட்டத்தில் பாதிப் பேர் முகம் காட்டுவார்கள், மீதிப் பேர் கறுப்புக் கட்டங்களாக இருப்பார்கள். யார் வீட்டுக் குக்கரோ எல்லோர் காதிலும் விசிலடிக்கும். அப்போது பொறுப்பாளர் "கேமராவைப் போடுங்கள்" என்றால், போடாதவருக்கு அது நாலு பேர் முன்னால் கண்டிப்பதுபோலத்தான் படும். அதே வரி நாலு நாள் முன்பு வந்த அழைப்பில் இருந்தால், எல்லோருக்கும் பொதுவான ஏற்பாடாகிவிடும்.

மதுரையில் மூவர், சிங்கப்பூரிலும் லண்டனிலும் ஒவ்வொருவர் என ஒரு குழு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அழைப்பில் இப்படி எழுதலாம்:

"திங்கள் மாலை 5:00 முதல் 5:25 வரை, இந்திய நேரம். லிங்க் 4:55-க்குத் திறக்கும், 5:02-க்குப் பேசத் தொடங்கிவிடுவோம். தாமதமானால் அமைதியாக உள்ளே வாருங்கள், விட்டுப்போனது குறிப்பில் இருக்கும். முதல் பத்து நிமிடம் அறிமுகம், முடிந்தவர்கள் கேமரா போடுங்கள். அதன்பிறகு அவரவர் விருப்பம். முடியாதவர்கள் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பேசாத நேரத்தில் மியூட்டில் இருங்கள்."

இதில் 'இந்திய நேரம்' என்பதை விட்டுவிடக் கூடாது. மாலை 5:00 என்றால் சிங்கப்பூரில் இரவு 7:30. லண்டனில் குளிர்காலத்தில் காலை 11:30. மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவதால், அதன்பின் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பகல் 12:30. கேலண்டர் அழைப்பு இதைத் தானே மாற்றிக் காட்டிவிடும். வாட்ஸ்அப்பில் வெறுமனே '5 மணி' என்று அனுப்பினால்தான் ஆள் வராமல் போவார்.

கேமராவுக்குப் பத்து நிமிடம் என்று எல்லை வைப்பது சலுகைக்காக மட்டும் அல்ல. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் வெளியிட்ட கட்டுரையில், வீடியோ கூட்டங்கள் அலுப்பூட்டுவதற்கு நான்கு காரணங்களை முன்வைத்தார். ஓயாமல் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருப்பது அதில் ஒன்று. பெண்கள், சிறிய வீட்டில் பலரோடு இருப்பவர்கள் ஆகியோர்மீது இந்தச் சுமை கூடுதலாக விழுவதை நான் கவனித்திருக்கிறேன். காரணம் கேட்கக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

மியூட் பற்றி இன்னும் ஒரு வரி சேர்க்கலாம். மதுரைக்காரர்கள் மூவரும் ஒரே அறையில் தனித்தனி லேப்டாப்பில் உட்கார்ந்தால், ஒன்றின் ஸ்பீக்கர் சத்தத்தை மற்றொன்றின் மைக் பிடித்து எதிரொலியாகத் திருப்பி அனுப்பும். ஒரே ஒரு லேப்டாப்பில் மைக்கும் ஸ்பீக்கரும் இயங்கட்டும், மற்ற இரண்டிலும் இரண்டையும் அணைத்துவிட வேண்டும். மைக்கை மட்டும் அணைத்தால் தப்பலாம் என்று நினைப்பார்கள். ஆனால் அந்த ஸ்பீக்கர்களின் சத்தம், திறந்திருக்கும் மைக்கில் போய் விழுந்துகொண்டே இருக்கும்.

5:02 என்று எழுதிவிட்டு, பொறுப்பாளர் "இன்னும் ரெண்டு பேர் வரட்டும்" என்று 5:10 வரை காத்திருந்தால், அடுத்த வாரம் நேரத்துக்கு வந்தவர்களும் 5:10-க்குத்தான் வருவார்கள். இந்தப் பத்தியை வாராவாரம் வரும் கேலண்டர் அழைப்பின் விவரப் பகுதியிலேயே ஒட்டிவையுங்கள். மூன்றாம் மாதம் சேருபவருக்கும் யாரும் தனியாக விளக்க வேண்டியிராது.