பிப்ரவரியில் வந்த மாணவன்

இத்தாலியில் வரும் கல்வியாண்டுக்கான சேர்க்கையை வழக்கமாகக் குளிர்காலத்திலேயே இணையவழியில் முடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு, வகுப்புகள் பாதி ஓடிய நிலையில் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் பிள்ளைக்கு வழி, பள்ளி அலுவலகத்துக்கு எழுதும் ஒரு கடிதம்தான். மின்னஞ்சலில் பத்து வரி போதும்.

ஈழத் தமிழ்க் குடும்பங்கள் பல ஆண்டுகளாக வாழும் சிசிலித் தீவின் பலெர்மோ நகரை எடுத்துக்கொள்வோம். 2012 ஜூனில் யாழ்ப்பாணத்தில் பிறந்து, 7ஆம் வகுப்பு முடித்த ஒரு சிறுவன் 2025 பிப்ரவரியில் தந்தையிடம் வந்து சேர்கிறான். தந்தை என்ன எழுத வேண்டும்?

‘ஜென்தீலே திரிஜென்தே’, அதாவது மதிப்புக்குரிய தலைமையாசிரியருக்கு என்று தொடங்கி, நேராக விஷயத்துக்கு வந்துவிடலாம். யார் எழுதுகிறார், மகனின் பெயர், பிறந்த நாள், ஊர், இத்தாலிக்கு வந்த தேதி, இப்போதைய முகவரி, இதுவரை படித்த வகுப்பு, இத்தாலிய மொழி தெரியாது என்ற தகவல். குடும்பக் கஷ்டங்களை விவரிக்கத் தேவையில்லை. அலுவலகத்துக்கு வேண்டியது பதிவேட்டில் ஏற்றக்கூடிய விவரம். பெயரில்தான் நம்மவர்கள் தடுக்கி விழுகிறார்கள். குடும்பப் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று கடவுச்சீட்டில் உள்ளபடியே பிரித்து எழுத வேண்டும். வரி அடையாள எண்ணில் அந்த இரண்டின் எழுத்துகளும் இடம்பெறுகின்றன. மாற்றி எழுதினால் பள்ளிப் பதிவும் எண்ணும் ஒத்துப்போகாது.

கடிதத்தின் பலம் அடுத்த வரியில் இருக்கிறது: ‘1999ஆம் ஆண்டின் 394ஆம் எண் ஆணையின் 45ஆம் பிரிவுப்படி சேர்க்கை கோருகிறேன்.’ ஆண்டின் எந்த நேரத்திலும் சேர்க்கை கேட்கலாம் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. வதிவிட அனுமதி இல்லாத பிள்ளைக்கும் இந்த உரிமை உண்டு. ஆவணம் குறைந்தால் ‘கோன் ரிசெர்வா’, அதாவது நிபந்தனையுடன் சேர்த்துக்கொள்வார்கள். பின்னாளில் சான்றிதழ் பெற அது தடையல்ல. ஆகவே யாழ்ப்பாணத்துச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு வரட்டும் என்று காத்திருக்காமல், ‘பிறகு தருகிறேன்’ என்று எழுதி அனுப்பிவிடுவதே புத்திசாலித்தனம்.

எந்த வகுப்பு? அதே பிரிவின்படி வயதுக்குரிய வகுப்புதான் முதல் கணக்கு. இவனுக்கு அது நடுநிலைப் பள்ளியின் இரண்டாம் ஆண்டு. மொழி தெரியவில்லை என்பதற்காக ஐந்தாம் வகுப்புக்குத் தள்ள முடியாது. ஆசிரியர் குழு முந்தைய படிப்பையும் திறனையும் பார்த்து வேறாக முடிவெடுத்தாலும், ஒரு வகுப்பு முன்னோ பின்னோதான் மாற்றலாம். படித்த வகுப்பைக் கடிதத்தில் தெளிவாகச் சொல்வது இதற்காகத்தான்.

‘இடமில்லை’ என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்புவதும் உண்டு. கையில் தாள் இல்லாவிட்டால் கேட்டதற்கே சாட்சி இல்லை. அதனால் கடிதம் பதிவான எண்ணையும், மறுப்பு என்றால் அதை எழுத்திலும் கேட்டு வாங்க வேண்டும். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, அரசுக் கல்வித் துறையின் மாகாண அலுவலகத்தில் வேறு பள்ளியில் இடம் கேட்கலாம்.