கைப்பேசிக்குள் ஒரு மொழி மாதிரி

கடம்பத்தூர் மாணவி ஒருத்தி, 4 ஜிபி நினைவகம் கொண்ட ஆண்ட்ராய்டு திறன்பேசியில் இணையமின்றி மொழி மாதிரி ஒன்றை இயக்க விரும்புகிறாள் எனக் கொள்வோம். பெங்களூருவின் சர்வம் நிறுவனம் 2024இல் வெளியிட்ட, தமிழும் கற்ற 'சர்வம்-1' போன்ற சிறிய மாதிரிகள் ஏறத்தாழ 200 கோடி எண்களால் ஆனவை. ஓர் எண்ணுக்கு 2 பைட்டு என்றால் மொத்தம் 4 ஜிபி. ஆண்ட்ராய்டு இயங்கவே இடம் எஞ்சாது.

ஆகவே எண்களைச் சுருக்கி, .gguf என முடியும் ஒரே கோப்பில் அடைப்பர். Q4_0 என்னும் முறையில் 32 எண்கள் ஒரு தொகுதி. ஒவ்வோர் எண்ணும் 4 பிட்டாகக் குறைகிறது. தொகுதிக்குப் பொதுவான அளவுகோல் ஒன்றும் சேர்வதால் 64 பைட்டு 18 ஆகிறது. 4 ஜிபி மாதிரி ஏறத்தாழ 1.1 ஜிபியில் அடங்குகிறது. துல்லியம் சற்றுக் குறையும். உரையாடல் நீள நீள நினைவகத் தேவையும் வளரும். போதாதபோது ஆண்ட்ராய்டு செயலியை அறிவிப்பின்றி மூடிவிடும்.

மின்கலத்தைக் கரைப்பது வேறொன்று. மாதிரி சொற்களைத் துண்டுதுண்டாக உருவாக்குகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் அந்த 1.1 ஜிபி முழுவதையும் நினைவகத்திலிருந்து படித்தாக வேண்டும். தமிழை மிகுதியாகக் கற்ற மாதிரி ஒரு சொல்லை 2 துண்டில் முடிக்க, குறைவாகக் கற்றது 6 துண்டாக்கினால் படிப்பு மும்மடங்காகும். மின்செலவும் அவ்வாறே ஏறும். அளவில் சிறியது என்பதற்காக மட்டும் ஒரு மாதிரியைத் தேர்வது தமிழுக்கு ஒத்துவராது.

வெப்பம் மிகுந்தால் செயலகம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் விடை விரைந்தும் அடுத்தடுத்தவை தயங்கியும் வருவது அதன் அடையாளம். அப்போது திறன்பேசியைச் சற்று ஆறவிடுதல் வேண்டும். மின்னேற்றியில் இணைத்தபடி தொடர்ந்தால் வெப்பம் மேலும் கூடும்.