இயந்திரத்துக்குப் பணம் வந்தது எப்படித் தெரியும்?

ரயில் நிலையத்தில் நிற்கும் தின்பண்ட இயந்திரத்தில் பிஸ்கட்டுக்கான எண்ணை அழுத்தினால் திரையில் ஒரு கியூஆர் குறியீடு தோன்றும். அதைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போட்டதும் சுருள்கம்பி சுழன்று பொட்டலம் கீழே விழும். இயந்திரத்தில் கேமரா கிடையாது. கைப்பேசியோடு அது நேரடியாகப் பேசுவதும் இல்லை. கைப்பேசி குறியீட்டைப் படிக்கிறது, அவ்வளவுதான். பணம் வந்த செய்தி இயந்திரத்தை வேறு வழியாக வந்தடைகிறது.

20 ரூபாய் பிஸ்கட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எண்ணை அழுத்தியதும், இயந்திரத்துக்குள் சிம் கார்டுடன் இருக்கும் சிறு மோடம், நிறுவனத்தின் சர்வருக்குத் தகவல் அனுப்புகிறது. சர்வர் இந்த ஒரு விற்பனைக்கென்று தனி எண் கொடுத்து, கட்டணச் சேவை நிறுவனத்தின் மூலம் ஒரு குறியீட்டை உருவாக்குகிறது. அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களுக்குள் இருப்பது ஏறக்குறைய இப்படி ஒரு வரிதான்:

```
upi://pay?pa=kadai@bank&pn=Snacks&am=20.00&cu=INR&tr=VM04175532
```

`pa` என்பது பணம் போய்ச் சேர வேண்டிய யுபிஐ முகவரி, `pn` பெறுபவரின் பெயர், `am` தொகை. `tr` என்பதுதான் அந்தத் தனி எண். பெட்டிக்கடை மேசையில் ஒட்டியிருக்கும் நிலையான குறியீட்டில் பெரும்பாலும் முகவரியும் பெயரும் மட்டுமே இருக்கும். அங்கே யார் எதற்குக் கொடுத்தார் என்பதைக் கடைக்காரர் கண்ணால் பார்த்துக்கொள்கிறார். ஆளில்லாத இயந்திரத்துக்கு அந்த வேலையைத் தனி எண் செய்கிறது.

பின் எண் சரியாக இருந்தால், பணம் வாங்குபவரின் வங்கியிலிருந்து விற்பவரின் வங்கிக்கு யுபிஐ வழியே மாறுகிறது. கட்டணச் சேவை நிறுவனம், அந்தத் தனி எண்ணுக்கு 20 ரூபாய் வந்துவிட்டது என்று சர்வருக்குச் சொல்கிறது. சர்வர் மோடத்துக்குச் சொல்ல, மோடம் இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பலகைக்கு அனுமதி தருகிறது. வழக்கமாக இதெல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும்.

பழுது நேர்வதும் பெரும்பாலும் இந்தத் திரும்பி வரும் பாதையில்தான். பணம் கழிந்துவிட்டது, ஆனால் வங்கியின் பதில் தாமதமாகிறது, அல்லது மோடத்துக்கு சிக்னல் இல்லை. குறியீட்டுக்கான நேரம் முடிந்ததும் இயந்திரம் விற்பனையை ரத்து செய்துவிடும். பிறகு செய்தி வந்தாலும் அது பொட்டலத்தைத் தள்ளாது, தள்ளவும் கூடாது. அதற்குள் அடுத்தவர் முன்னால் நிற்கலாம். ஒழுங்காக அமைத்த சர்வர் அந்தத் தொகையைத் தானே திருப்பி அனுப்பும். பொட்டலம் கம்பியில் சிக்கிக்கொள்வது வேறு வகை. விழும் இடத்தில் அகச்சிவப்பு உணரி இருந்தால் எதுவும் விழவில்லை என்று தெரிந்து, பணம் திரும்பும். உணரி இல்லாத இயந்திரம், கம்பி சுழன்றதையே விற்பனையாக எண்ணிக்கொள்ளும். அப்போது புகார் செய்துதான் பணத்தைப் பெற வேண்டும். கைப்பேசி காட்டும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துவைப்பது அதற்குத்தான்.

மின்வாகன சார்ஜிங் நிலையத்தில் சிக்கல் வேறு: எவ்வளவு மின்சாரம் ஏறும் என்பது முன்கூட்டித் தெரியாது. ஆகவே பல நிலையங்களில் முதலில் ஒரு தொகையை வாங்கிக்கொள்கிறார்கள். 300 ரூபாய் கட்டியவரின் வண்டியில், யூனிட் 18 ரூபாய் வீதம் 12 யூனிட் ஏறினால் செலவு 216 ரூபாய். மீதி 84 ரூபாய் கணக்குக்கோ நிறுவனத்தின் வாலட்டுக்கோ திரும்பும். இங்கே ஒட்டியிருக்கும் குறியீடு பெரும்பாலும் எந்த நிலையம், எந்த இணைப்பு என்பதை மட்டும் சொல்லும். சர்வரிலிருந்து உத்தரவு வந்த பிறகே மின்சாரம் பாயத் தொடங்கும்.

பல நகரங்களின் வாகன நிறுத்தக் கட்டணத்தில் இயந்திரத்துக்குச் செய்தி வரவே தேவையில்லை. வண்டி எண்ணும் நேரமும் சர்வரில் பதிவாகும். சோதிக்க வரும் ஊழியர் தம் கைக்கருவியில் வண்டி எண்ணைப் பார்ப்பார். மோசடிக்காரர்களுக்கு வசதியாக இருப்பதும் இதுவே, ஏனென்றால் பணம் தவறான இடத்துக்குப் போனாலும் மீட்டரில் எதுவும் மாறுவதில்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2021 டிசம்பரில் சான் அன்டோனியோ நகரக் கட்டண இயந்திரங்கள் 100-க்கும் மேற்பட்டவற்றில் போலிக் குறியீடுகள் ஒட்டப்பட்டிருந்தன. அடுத்த மாதம் ஆஸ்டினிலும் அவை சிக்கின. ஸ்கேன் செய்தவர்களைக் கார்டு விவரம் கேட்கும் பொய்யான இணையப் பக்கத்துக்கு அவை அழைத்துச் சென்றன. ஆஸ்டின் நகராட்சி அப்போது கியூஆர் மூலம் கட்டணம் வாங்கவே இல்லை.

ஒவ்வொரு விற்பனைக்கும் திரையில் புதிதாகத் தோன்றும் குறியீட்டின் மேல் காகிதம் ஒட்டி ஏமாற்றுவது கடினம். ஒட்டிய குறியீடு என்றால், அதன் ஓரம் தூக்கியிருக்கிறதா, அடியில் இன்னொன்று தெரிகிறதா என்று பார்க்கலாம். யுபிஐயில் பின் எண் கேட்பதற்கு முன் பெறுபவரின் பெயர் கைப்பேசியில் தெரியும். நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தனிநபரின் பெயர் வந்தால், பணம் கட்டாமல் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.