ஒரு பவுணின் கணக்கு

2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. 22 கரட் பவுண் ஒன்றில் சுத்தத் தங்கம் 7.33 கிராம். அந்த நாட்களில் உலகச் சந்தையில் அதன் பெறுமதி சுமார் 440 டொலர். அதாவது மார்ச்சில் 88,000 ரூபா, மே மாதத்தில் 158,000 ரூபா. தங்கம் பெரிதாக ஏறவில்லை, ரூபாதான் சரிந்தது. அதே காலத்தில் வங்கிப் புத்தகத்தில் 88,000 ரூபா வைத்திருந்தவரிடம் இருந்தது 88,000 ரூபாதான்.

கொஸ்லந்தைக்கு மேலே மீரியபெத்த போன்ற தோட்டங்களில் நகை சேர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. லயக் காம்பராவும் அதன் கீழுள்ள நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம். அவற்றை ஈடு வைக்க முடியாது. தொழிலாளி கடன் கேட்டுப் போகும்போது கையில் கொண்டுபோகக்கூடியது தோடும் சங்கிலியும்தான்.

ஆனால் காம்பராவில் வைத்திருப்பதும் ஆபத்து. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்தபோது மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போயின.

அடகு வைத்தால் நகை பெட்டகத்தில் இருக்கும், கையில் காசும் வரும். நகையை உரைகல்லில் தேய்த்து, அமிலம் தொட்டு, கோடு மங்குகிறதா என்று பார்க்கிறார்கள். கல்லின் எடையைக் கழிக்கிறார்கள். மிஞ்சும் தங்கத்தின் பெறுமதியில் ஒரு பகுதியைத்தான் கடனாகத் தருகிறார்கள். வாங்கும்போது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் இந்தக் கணக்கில் சேராது. ஆகவே சேமிப்புக்காக வாங்குபவருக்குக் கல் பதித்த அட்டிகையைவிட வெறும் வளையல் மேல்.

வட்டிதான் பெரிய பாரம். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அடகு வட்டியும் ஏறியது. ஆண்டுக்கு 24 சதவீதம் என்று கொண்டால், ஒரு இலட்சத்துக்கு வட்டி 24,000 ரூபா. அன்றைய நாட்சம்பளம் 1,000 ரூபா. வட்டிக்கு மட்டும் 24 நாள் கொழுந்து பறிக்க வேண்டும். தவணை தவறினால் ஏலம். ஏல அறிவித்தல் தபாலில் வரும், ஆனால் லயத்துக்குத் தனி முகவரி இல்லாத இடங்களில் கடிதம் தோட்டத்து ஒபிசுக்குப் போய், அங்கிருந்து யார் கையிலாவது வர வேண்டும். அது பிந்தினால் நகை கைவிட்டுப் போய்விடும். அடகு வைக்கும்போதே தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து, தவணைத் தேதியைத் துண்டில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

துண்டு துண்டாக விற்க முடியாததும் தங்கத்தின் குறைதான். 2022 ஜூலையில் சிம்பாப்வே அரசு நாணய வீழ்ச்சிக்கு மருந்தாக ஒரு அவுன்ஸ் தங்கக் காசு வெளியிட்டது. ஒரு காசு சுமார் 1,800 டொலர். சாதாரண மக்களுக்கு அது எட்டாது என்று தெரிந்து, அவ்வாண்டு முடிவதற்குள் பத்தில் ஒரு அவுன்ஸ் வரை சிறிய காசுகளும் வந்தன. தோட்டத்துப் பெண்கள் ஒரே பெரிய சங்கிலியாக இல்லாமல் தோடு, மோதிரம் என்று தனித்தனியாகச் சேர்ப்பதிலும் அதே வசதி இருக்கிறது. பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கு மோதிரம் மட்டும் போகும், சங்கிலி தப்பும்.

பீதியில் உச்ச விலைக்கு வாங்கியவர்களுக்கோ வேறு அனுபவம். 2023 நடுப்பகுதியில் டொலர் 300 ரூபாவுக்கு அருகே இறங்கியபோது, அவர்களுடைய பவுணின் ரூபா விலையும் கூடவே இறங்கியது.