சம்பளத்துக்கு முன் இருப்பைக் கணிக்கும் மாதக் காலண்டர்

மாதத் தவணை, எஸ்ஐபி, காப்பீட்டுப் பிரீமியம், கிரெடிட் கார்டு பில் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி உண்டு. அந்தத் தேதிகளை ஒரே காலண்டரில் வரிசையாக எழுதினால், வங்கிக் கணக்கில் எந்த நாளில் பணம் குறையும் என்பது முன்பே தெரிந்துவிடும்.

தேதிகளை நினைவிலிருந்து எழுதுவதைவிடப் பாஸ்புக்கிலிருந்து எடுப்பது நல்லது. தானாகக் கழியும் தொகைகளின் எதிரே பெரும்பாலும் ACH அல்லது NACH என்ற குறிப்பு இருக்கும். மூன்று மாதக் கணக்கு மட்டும் போதாது. வருடம் ஒருமுறை வரும் பிரீமியமும் பள்ளிக் கட்டணமும் பன்னிரண்டு மாதக் கணக்கைப் பார்த்தால்தான் அகப்படும். காலண்டரும் சம்பள நாளில் தொடங்கி அடுத்த சம்பள நாளில் முடிய வேண்டும்.

மாதச் சம்பளம் 40,000 ரூபாய், வரவு 1ஆம் தேதி, பழைய இருப்பு 2,000 என்று கொள்வோம். கையில் 42,000 இருக்கிறது.

2: வாடகை 10,000
5: கடன் தவணை 7,500
10: எஸ்ஐபி 3,000
15: கார்டு பில் 5,000
20: மின்கட்டணம் 2,400
25: காலாண்டுப் பிரீமியம் 6,000

20ஆம் தேதி வரையிலான கழிவுகள் போக 14,100 மிஞ்சும். ஆனால் காய்கறி, பால், பெட்ரோல் என்று நாளுக்கு 350 ரூபாய் கரைகிறது. 24 நாளில் அது 8,400. ஆகவே 25ஆம் தேதி காலையில் இருப்பு 5,700 மட்டுமே. 300 ரூபாய் குறைவதால் பிரீமியம் திரும்பிவிடும். வங்கி அதற்கு அபராதமும் ஜிஎஸ்டியும் பிடிக்கும். கார்டில் வாங்கும் பொருள்களை இந்த 350இல் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் ஒரே செலவு இருமுறை கணக்கில் ஏறும்.

குறை, சம்பளத்தில் இல்லை. மின்கட்டணமும் பிரீமியமும் வராத மாதத்தில் 30 நாள் செலவும் போக 4,000 மிஞ்சுகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணத்துக்கு மாதம் 1,200, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் பிரீமியத்துக்கு 2,000 என்று தனிக் கணக்கில் ஒதுக்கினால், மாதம் 800 ரூபாய் மிச்சமாகவே இருக்கும்.

விடுமுறை நாளில் தவணை கழியாது என்று நம்பி இருக்க முடியாது. 2021 ஆகஸ்ட் 1 முதல் என்ஏசிஹெச் முறை ஞாயிறு உட்பட எல்லா நாளும் இயங்குகிறது. சம்பளமோ நிறுவனத்தின் வசதியைப் பொறுத்து ஓரிரு நாள் தள்ளலாம். எனவே முதல் தவணைக்கும் சம்பளத்துக்கும் நடுவே மூன்று நான்கு நாள் இடைவெளி தேவை. தவணைத் தேதியை மாற்றக் கடன் கொடுத்த நிறுவனம் ஒப்புக்கொள்ளாவிட்டால், ஒரு தவணைத் தொகையைக் கணக்கில் எப்போதும் நிறுத்தி வைப்பதே வழி.

கணித்த இருப்பை வாரம் ஒருமுறை உண்மையான இருப்போடு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் தொடர்ந்து ஒரே பக்கம் வளர்ந்தால், அன்றாடச் செலவின் மதிப்பீடு தவறு என்று பொருள். 350ஐத் திருத்திவிட்டு மீதி நாள்களுக்குக் கணக்கை மீண்டும் போட வேண்டும்.