முப்பதாம் நாளில் மதிப்பெண் வேண்டாம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரை 30, 60, 90-ஆம் நாட்களில் அழைத்துப் பேசும் வழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. மூன்று முறையும் ஒரே படிவத்தை நீட்டுவதில்தான் சிக்கல்: வேகம், துல்லியம், பழகும் விதம், ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை. மதிப்பெண் ஏறிக்கொண்டே போனால் ஆள் தேறிவிடுவார் என்று கணக்கு. கற்றல் ஒரே சீராக ஏறும் என்று எண்ணுவதால் வரும் கணக்கு இது. அமெரிக்காவின் இண்டியானாவில் தந்தி பழகியவர்களின் வேகத்தைத் தொடர்ந்து அளந்த பிரையன், ஹார்ட்டர் இருவரும் 1897-இல் வெளியிட்ட வரைபடங்கள் வேறு கதை சொன்னன. செய்தி அனுப்பும் வேகம் ஓரளவு சீராக உயர்ந்தது. கேட்டுப் புரிந்துகொள்ளும் வேகமோ வாரக்கணக்கில் ஒரே மட்டத்தில் நின்று, பிறகு மறுபடி ஏறியது. எழுத்து எழுத்தாகக் கேட்ட காது முழுச் சொல்லாகக் கேட்கப் பழகிய காலம் அது என்று அவர்கள் விளக்கினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இந்தத் தேக்கம் தென்படவில்லை. ஆகவே இதைப் பொதுவிதி ஆக்க வேண்டாம். ஒரு தேதியில் எடுத்த வேகத்தை வைத்து ஒருவர் எவ்வளவு கற்றார் என்று சொல்லிவிட முடியாது என்பது மட்டும் போதும்.

கோவையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஜூன் 1 அன்று ஒருவர் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல் பில்லைப் பதிவது தினமும் நூறு முறை செய்யும் வேலை. மாதாந்தர ஜிஎஸ்டி கணக்கோ 11-ஆம் தேதி ஒன்று, 20-ஆம் தேதி ஒன்று. ஜூன் 30 வரை அதை ஒரே ஒரு முறைதான் பார்த்திருப்பார். டிடிஎஸ் காலாண்டு அறிக்கைக்குக் கடைசி நாள் ஜூலை 31. அவருடைய அறுபதாவது நாள் ஜூலை 30! அதாவது நாட்காட்டி ஒன்று, அனுபவம் பல. பில் பதிவதில் தேர்ந்தவராகவும், மாதாந்தர வேலையில் தொடக்கநிலையிலும், காலாண்டு வேலையில் ஒன்றும் தெரியாதவராகவும் ஒரே ஆள் ஒரே நாளில் இருக்கிறார். இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரு மதிப்பெண் போடுவது அபத்தம்.

அப்படியானால் முப்பதாம் நாளில் என்ன செய்வது? ஏட்டைப் பார்க்காமல் சொல்லச் சொல்ல வேண்டும். பெங்களூரிலிருந்து வந்த பில்லுக்கு ஏன் ஐஜிஎஸ்டி, திருப்பூர் பில்லுக்கு ஏன் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் என்று அவர் வாயால் விளக்கட்டும். ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் செய்த சோதனையில், ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, நினைவிலிருந்து எழுதிப் பார்த்திருந்தவர்கள்தான் முந்தினார்கள். ஆகவே இந்தக் கேள்வி அளவுகோல் மட்டுமல்ல, பயிற்சியும்கூட. விளக்கத் தெரியாமல் சரியாகப் பதிகிறவர் முந்தைய பதிவைப் பார்த்து நகலெடுக்கிறார் என்று சந்தேகிக்கலாம்.

தவறை அன்றன்றே திருத்தினால் போதாதா, எதற்குத் தேதி குறித்து உட்கார வேண்டும் என்று கேட்கலாம். திருத்தம் அன்றன்றுதான் நடக்க வேண்டும். இந்தச் சந்திப்பு அதற்கு மாற்று அல்ல. ஆனால் அன்றாடத் திருத்தம் ஒன்றை மறைத்துவிடும். பக்கத்து மேசை அண்ணன் சத்தமில்லாமல் சரிசெய்துகொண்டே இருந்தால், புதியவரின் கணக்கில் தவறே இருக்காது. நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில் யார் எந்தப் பதிவை எப்போது மாற்றினார் என்ற தடம் இருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் முதல் கட்டாயம். அறுபதாம் நாளில் அந்தத் தடத்தைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். அன்று கேட்க வேண்டியது வேகத்தை அல்ல: உதவி எங்கே குறைந்தது, எங்கே குறையவில்லை? தவறான ஜிஎஸ்டி எண்ணோடு வந்த பில், திருப்பி அனுப்பிய சரக்குக்கான கிரெடிட் நோட் போன்றவற்றை வழக்கமான கட்டுக்குள் கலந்து கொடுத்தால், அவர் நின்று கேட்கிறாரா, ஊகித்துப் பதிகிறாரா என்பது புலப்படும். நின்று கேட்பதால் வேகம் குறையும். அந்தக் குறைவைக் குற்றமாக எழுதிவைத்தால் அடுத்த மாதம் அவர் ஊகிக்கத் தொடங்குவார்.

கருத்துச் சொல்வதே நன்மைதானே என்ற நினைப்பும் சோதிக்கப்பட்டிருக்கிறது. குளூகரும் டெனிசியும் 1996-இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சராசரியில் பலன் இருந்தாலும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவற்றில் கருத்துச் சொன்ன பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். "கவனக்குறைவான ஆள்" என்று சொல்வதும் "வெளிமாநில பில் நான்கில் மூன்றில் வரித்தலைப்பு மாறியிருக்கிறது" என்று சொல்வதும் ஒன்றாகாது.

தீர்ப்புக்குரிய நாள் தொண்ணூறு; அதுவும் பாதித் தீர்ப்புதான். ஆகஸ்ட் 29 வரை மாதாந்தரக் கணக்கை மூன்று முறை பார்த்திருப்பார். மூன்றாவதை முழுக்க அவரிடமே விட்டு, முடித்த பிறகுதான் சரிபார்க்க வேண்டும். டிடிஎஸ் அறிக்கையை ஒருமுறைதான் செய்திருப்பார். அதற்கு இரண்டாவது கெடு அக்டோபர் 31. மார்ச் ஆண்டுமுடிவுக் கணக்கை அவர் பார்க்கவே இல்லை. அதற்குத் தொண்ணூறாம் நாள் படிவத்தில் இடம் ஒதுக்க வேண்டாம்; ஏப்ரலில் தனியாக ஒரு தேதியைக் குறித்துவைத்தால் சரி.